அரை மணி நேரம் என்று எழுதிய பாடம்

மருந்தம்மாவுக்கு இரத்தத்தைக் கண்டால் பயமில்லை. அலறிக்கொண்டு வரும் நோயாளியைக் கண்டால் பயமில்லை. ஜன்னல் வழியே கையை நீட்டி, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று சீறுகிற ஆண்களைக் கண்டாலும் பயமில்லை. அந்த ஆஸ்பத்திரி மருந்தறையில் பதினெட்டு ஆண்டுகளாக நின்றவள் அவள். அவளை நடுங்க வைத்தவை பதினோரு பக்கத் தாள்கள்.

மருந்தாளுநர் பதிவுத் தேர்வின் பாடத்திட்டம் அது. மேசை இழுப்பறையில், மகளின் பழைய ஸ்கேலுக்கு அடியில் கிடந்தது. இழுப்பறையைத் திறந்தாலே உள்ளங்கை வியர்க்கும். மூடினால் நாள் போகிறதே என்று இருக்கும். திறந்தாலும் வேதனை, மூடினாலும் வேதனை என்றால் மனுஷி எங்கே போவாள், சொல்லுங்கள்.

பதிவு இல்லாத உதவியாளர்கள் இனி மருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று மேலிடத்தில் உத்தரவு போட்டுவிட்டார்கள். தேர்வு எழுத மூன்று வாய்ப்பு. அவள் இரண்டைத் தொலைத்துவிட்டாள். மூன்றாவதும் போனால், ஆண்டு முடிவோடு அவளுடைய வெள்ளைக் கோட்டு ஆணியில் தொங்கும், அவள் இருக்க மாட்டாள். கணவர் பஸ் ஓட்டுநராக இருந்தவர். முதுகெலும்பு அடிபட்ட பிறகு ஸ்டீயரிங்கைத் தொட டாக்டர் தடை சொல்லிவிட்டார். மகள் வெளியூரில் படிக்கிறாள். மூன்று பேருக்கும் அந்த வெள்ளைக் கோட்டுதான் கூரை.

முதல் முறை அவள் பாடத்திட்டத்தின் முதல் வரியிலிருந்து தொடங்கினாள். மருந்தியலின் வரலாறு. அதை எவ்வளவு ஆசையாகப் படித்தாள் தெரியுமா, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். கடைசிப் பக்கங்களைத் தொடவே நாள் இல்லை. இரண்டாம் முறை, கடினமானதை முதலில் முடிப்போம் என்று நடுவில் குதித்தாள். இதய மருந்துகள். இதயம் எப்படி வேலை செய்கிறது என்ற பாடம் ஏழாம் பக்கத்தில் இருந்தது, அதைப் படிக்காமல் இதய மருந்தைப் படித்தால் என்ன புரியும்? படித்ததையே படித்தாள், அழுதாள், மறுபடி படித்தாள். பாடவாரியான மதிப்பெண் தாள் வந்தபோது சில இடங்களில் நல்ல எண்கள், சில இடங்களில் வெறும் பூஜ்யங்கள். முட்டாளாக இருந்தால் எல்லாமே பூஜ்யமாக இருந்திருக்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. அது ஆறுதலா, கூடுதல் பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதனால் இந்த முறை அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"என்னக்கா, பரீட்சைக்கு எட்டு வாரம்தான் இருக்கு, நீங்க இன்னும் ஸ்கேலும் பென்சிலும் வச்சு கோலமா போடறீங்க?" என்றாள் ரேடியோ. பக்கத்து நாற்காலியில் உட்காரும் சக உதவியாளர். வாய் ஓயாது என்பதால் அந்தப் பேர். அவளும் தேர்வு எழுதுகிறாள், ஆனால் அவளுக்கு இது முதல் வாய்ப்பு.

"பிரிச்சு வைக்கிறேன். முழுசாப் பாத்தா பயமா இருக்கு."

"பிரிச்சுப் பாத்தா பயம் குறையுமா? பாம்பைத் துண்டு போட்டா ரெண்டு பாம்பு ஆகும்க்கா."

"நீ படி போ. உனக்கு ஒரு தடவை கேட்டா மண்டையில ஏறிடும். எனக்கு அப்படியா?"

மருந்தம்மா பிரித்தாள். மதிய இடைவேளையில், மாத்திரை எண்ணும் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு. பாடத்திட்டத்தின் ஒவ்வொரு வரியையும் தனித்தனித் துண்டாக எழுதினாள். ஒன்றாகச் சேர வேண்டியவற்றைச் சேர்த்தாள், ஒரே வரியில் இரண்டு பாடம் ஒளிந்திருந்தால் பிளந்தாள். கடைசியில் இருபத்து மூன்று அலகுகள் வந்தன. பிறகு எது எதற்கு முன்னால் வர வேண்டும் என்று பார்த்தாள். இதயம், அதற்குப் பிறகு இதய மருந்து. சிறுநீரகம், அதற்குப் பிறகு அந்த மருந்துகள். சட்ட விதிகள் மனப்பாடச் சமாச்சாரம், சீக்கிரம் படித்தால் சீக்கிரம் மறக்கும், அதைக் கடைசி வாரங்களுக்குத் தள்ளினாள்.

ஒவ்வோர் அலகுக்கும் எத்தனை மணி நேரம் என்று குறித்தாள். புதிதாகக் கற்க வேண்டியதற்கு ஏழு, எட்டு. ஓரளவு தெரிந்ததற்கு மூன்று. அன்றாடம் கையால் செய்கிற வேலைகளுக்கு அரை மணி நேரம். சேமித்து வைக்கும் முறை, டாக்டர் சீட்டு வாசிப்பது, லேபிள் ஒட்டுவது, கரைசல் தயாரிப்பது எல்லாம் அந்த வரிசையில் போயின. ஒன்பது அலகுகளுக்கு அரை மணி. பதினெட்டு வருஷமாகச் செய்கிறேனே, இதற்கு மேல் என்ன படிப்பது?

ஆறு வாரம் படிப்பு, இரண்டு வாரம் திருப்புதல். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் தேறும், விடியற்காலையும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. ஆக மொத்தம் தொண்ணூற்றாறு. அவள் கூட்டியது எண்பத்தொன்பதரை. ஆறரை மணி நேரம் மிச்சம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அவள் சிரித்தாள். கணவர் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். முதுகில் பெல்ட், கையில் கரண்டி.

"என்ன, சிரிப்பெல்லாம் பலமா இருக்கு. பாஸாயிட்டியா?"

"படிக்கவே ஆரம்பிக்கலை."

"அப்ப சிரிக்கறது வாஸ்தவம்தான். அப்புறம் சிரிக்க முடியாது." அவர் குழம்பில் உப்பைப் போட்டுவிட்டு, போட்டோமா என்று சந்தேகப்பட்டு மறுபடி போட்டார். "கணக்கு சரியா வந்துச்சா?"

"மிச்சமே இருக்குங்க."

அவர் அவளுடைய துண்டுக் காகிதங்களைக் கையில் வாங்கிப் பார்த்தார்.  பிறகு, "நான் வண்டி ஓட்டினப்ப அட்டவணைல ஒண்ணேகால் மணி நேரம்னு போட்டிருப்பாங்க. நடுவுல ரயில்வே கேட் இருக்கு. அது மூடியிருக்கும்னு போட்டவங்களுக்குத் தெரியாது" என்றார்.

"அபசகுனமா பேசாதீங்க."

"சும்மா சொன்னேன்."

அவள் ராத்திரிச் சோற்றைப் பாதியில் ஒதுக்கினாள். உப்பு அதிகம் என்று பொய் சொன்னாள். பொய்யும் இல்லை, உப்பு அதிகம்தான்.

அந்த வாரம் மருந்தறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அலமாரிகளை நடுவுக்கு இழுத்து, மேலே பிளாஸ்டிக் விரித்து, சுவரில் இருந்த எல்லாவற்றையும் கழற்றினார்கள். ஈரச் சுவரின் வாடையிலும் அவர்கள் வேலை பார்த்தார்கள். நோயாளிக்கு மருந்துதான் முக்கியம், சுவர் எப்படியிருந்தால் என்ன.

காலையிலேயே கட்டுப் போடும் அறையிலிருந்து ஆள் வந்தாள். அந்த அறையைத் துடைக்கிற அம்மா, ஒல்லியான பெண்மணி, வெடித்துப் போன கைகள். "மருந்தம்மா, தொடைக்கிற தண்ணி தீந்துபோச்சு. ஒரு பக்கெட் கலந்து குடுங்க. பத்து லிட்டர்."

"இதோ, அஞ்சு நிமிஷம்."

கிருமி நாசினிக் கேனை அவள் உருட்டிக்கொண்டு வந்தாள். ஒரு லிட்டர் அளவுக் குடுவையை நிரப்பினாள். பத்து லிட்டர் வாளியில் அதை ஊற்றி, மேலே தண்ணீர் விட்டுப் பத்தாக்க வேண்டும். ஆயிரம் தடவை செய்த வேலை, தூக்கத்தில் கூடச் செய்வாள். குடுவையைச் சாய்க்கப் போனபோது கண் எரிந்தது.

வழக்கத்தைவிடக் காரமாக எரிந்தது. அவள் மூக்கை மூடிக்கொண்டு கேனைப் பார்த்தாள். கேனின் நிறம் புதிது. லேபிளில் பத்து சதவீதம் என்று இருந்தது. வழக்கமாக வருவது ஐந்து சதவீதம்.

கை நின்றது. வாளியில் இன்னும் ஒரு சொட்டும் விழவில்லை. அவள் சுவரைப் பார்த்தாள். எப்போதும் அந்த இடத்தில் ஓர் அட்டை தொங்கும். பழைய மருந்தாளுநர் எழுதி மாட்டியது. பத்து லிட்டருக்கு ஒரு லிட்டர், ஐந்து லிட்டருக்கு அரை லிட்டர். இன்று அங்கே ஈரச் சுண்ணாம்பு மட்டும் இருந்தது. ஆணி கூட இல்லை.

அவள் மூளையில் ஒன்றுமே இல்லை. பத்து சதவீதம் என்றால் என்ன? தரையைத் துடைக்க அரை சதவீதம் வேண்டும், அது தெரியும். ஆனால் அரையிலிருந்து பத்துக்கு எப்படிப் போவது?  ஜன்னலில் கூட்டம் கத்தியது. ரேடியோ யாரிடமோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தாள். துடைக்கிற அம்மா வாளியைப் பார்த்து நின்றாள். அந்த வெடித்த கைகள்தான் இந்தத் தண்ணீரில் நாள் முழுதும் ஊறப் போகின்றன.

பதினெட்டு வருஷம் நான் அட்டையைத்தான் படித்திருக்கிறேன். கலக்கவே கற்றுக்கொள்ளவில்லை.

குடுவையை மெல்லக் கீழே வைத்தாள். "கொஞ்சம் பொறும்மா" என்று சொல்லிவிட்டு, பொறுப்பு மருந்தாளுநரிடம் போனாள். எல்லோரும் அவரை மூக்குக்கண்ணாடி சார் என்பார்கள், நேரில் வெறும் சார்.

"சார், புது கேன் பத்து சதவீதம். எவ்வளவு ஊத்தணும்?"

அவர் பேனாவை எடுக்கவே இல்லை. "பாதி போதும்மா. அரை லிட்டர். இதுகூடவா?"

அந்த 'கூடவா' அவள் நெஞ்சில் ஊசி மாதிரி இறங்கியது. அவர் அதைப் பார்த்தார் போலிருக்கிறது, குரலைத் தாழ்த்தினார். "சரி, நாளைக்கு எட்டு சதவீதம் வந்தா?"

அவள் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

"ஊத்திட்டு வந்து சொல்லுங்க. அவசரமில்லை." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "கேள்வித்தாள்ல அட்டை தொங்காதும்மா."

அவள் அரை லிட்டர் ஊற்றி, தண்ணீர் விட்டுப் பத்தாக்கினாள். துடைக்கிற அம்மா தூக்கிக்கொண்டு போனாள்.  ஒரு லிட்டர் ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் அந்தக் கைகள் கண்முன் வந்து நின்றன.

வீட்டுக்குப் போனதும் முகம் கூடக் கழுவாமல் துண்டுக் காகிதங்களை எடுத்தாள். 'கரைசல் தயாரித்தல், அரை மணி' என்று எழுதியது அவள் கையெழுத்துதான். பாடத்திட்டத்தில் அது ஒரே ஒரு வரி. வீதம், விகிதம், கரைசல். இரண்டு விரல் அகலம் கூட இல்லாத வரி. அந்த வரிக்கு உள்ளே இருந்து பிள்ளைகளுக்கான மருந்து அளவு வருகிறது, ஊசிமருந்தைக் கரைக்கிற கணக்கு வருகிறது, நரம்பில் ஏறும் சொட்டுகளின் வேகம் வருகிறது. ஒரு கணக்கு தெரியாவிட்டால் நான்கு அலகுகள் சாயும். அதைத்தான் பதினேழாவதாக வைத்திருந்தாள்.

அப்படியானால் மற்ற எட்டு அரை மணிகள்?

அவள் பழைய கேள்வித்தாள்களைக் கொண்டுவந்து கணவர் மடியில் போட்டாள். "கேளுங்க. நான் பதில் சொல்றேன். தப்பா இருந்தா தப்புன்னு சொல்லுங்க, பாவம் பாக்காதீங்க."

"எனக்கு விடை தெரியாதே."

"பின்னாடி விடை இருக்கு. கண்ணு இருக்கில்ல உங்களுக்கு."

"முதுகுதான் போச்சு, கண்ணு இருக்கு" என்று அவர் கேள்விகளை வாசித்தார். இங்கிலீஷ் மருந்துப் பேர்களை அவர் வாசித்த விதத்தில் வேறொரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். லேபிள், சீட்டு, கணக்கேடு, வீரியமான மருந்துகளைப் பூட்டி வைக்கும் முறை, இந்த நான்கும் நிஜமாகவே தெரிந்திருந்தன. மீதியெல்லாம் கைக்குத் தெரிந்தவை, வாய்க்குத் தெரியாதவை. குளிர்ப்பெட்டியில் எந்த மருந்தை எங்கே வைக்க வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். என்ன வெப்பநிலை, ஏன் என்று கேட்டால் திகைத்தாள்.

மறுநாள் விடியலில் ஓர் அலகைச் சோதனைக்கு எடுத்தாள். மூன்று மணி நேரம் என்று குறித்திருந்த அலகு. இரண்டு விடியல் போய், மூன்றாவதிலும் பாதி போயிற்று. ஐந்து மணி நேரம். அவள் எல்லா அலகுகளுக்கும் நேரத்தைத் திருத்தி எழுதினாள். கூட்டினாள். இன்னொரு முறை கூட்டினாள். நூற்றைம்பதுக்குக் கொஞ்சம் மேல்.

இருப்பதோ தொண்ணூற்றாறு. அதிலும் ஒரு வாரம் போய்விட்டது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுவதற்கும் ஒரு பலம் வேண்டும் அல்லவா? தாள்கள் மின்விசிறிக் காற்றில் படபடத்தன. எல்லாவற்றையும் கிழித்து எறிந்துவிட்டு, வேலையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்று வந்தது நினைப்பு. எழுதிக் கொடுப்பது கௌரவம், துரத்தப்படுவது அவமானம்.

"எழுந்திரு" என்றார் கணவர். முதுகு வலியோடு அவரும் அவள் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தார். இறங்குவதற்குள் இரண்டு முறை பல்லைக் கடித்தார். "ரயில்வே கேட் மூடியிருந்தா என்ன செய்வேன் தெரியுமா?"

"என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். நிப்பேன். ஆனா கேட் இருக்குன்னு தெரிஞ்சா, நடுவுல ரெண்டு நிறுத்தத்துல நிக்காம போயிடுவேன். ஆள் ஏறாத நிறுத்தம் எதுன்னு எனக்குத் தெரியும்."

"அங்க யாராவது நின்னுட்டிருந்தா?"

"திட்டுவாங்க. திட்டு வாங்கித்தான் வண்டி ஊர் போய்ச் சேரும்."

 அவள் பழைய கேள்வித்தாள்கள் ஐந்தையும் பரப்பி, எந்த அலகிலிருந்து எத்தனை மதிப்பெண் வந்திருக்கிறது என்று கோடு போட்டு எண்ணினாள். கணக்குப் பகுதி ஒவ்வோர் ஆண்டும் வந்திருந்தது, குறையவே இல்லை. மூலிகை மருந்துகளின் நீண்ட பட்டியல் மூன்று பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தது, இரண்டு தாள்களில் அதிலிருந்து கேள்வியே இல்லை. வரலாறு, அவள் ஆசையாகப் படித்த வரலாறு, ஓரிரு மதிப்பெண்தான்.

வரலாற்றை எடுத்து ஓரமாக வைத்தபோது ஒரு பிள்ளையைப் பேருந்தில் ஏற்றாமல் விட்டுப் போவது போல இருந்தது. மூலிகையை வைத்தபோது உண்மையாகவே குலை நடுங்கியது. வந்துவிட்டால்? பத்து மதிப்பெண் கேள்வியாக வந்துவிட்டால்? இன்னும் இரண்டு சிறிய அலகுகளையும் ஒதுக்கினாள். சில அலகுகளுக்கு, முழுப் பாடம் வேண்டாம், பழைய கேள்விகள் மட்டும் என்று எழுதினாள். நிஜமாகத் தெரிந்த நான்குக்கும் வாராவாரம் ஒரு சோதனை மட்டும். கணக்கை முதலிடத்துக்குத் தூக்கினாள். கூட்டினாள். எழுபத்து நான்கு. மீதியுள்ள ஐந்து வாரத்துக்கு எண்பது. ஆறு மணி நேரம் காலி. எதற்கென்று குறிக்காத ஆறு. ரயில்வே கேட்டுக்கு.

முதல் இரண்டு வாரமும் கணக்குதான். ஐந்திலிருந்து அரை, பத்திலிருந்து ஒன்று, எட்டிலிருந்து அரை. ஒரு மதியம் சாரிடம் போய், "அறுநூத்து இருபத்தஞ்சு மில்லி சார்" என்றாள். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையை மட்டும் ஆட்டினார். ரேடியோ எட்டிப் பார்த்து, "என்னக்கா, லாட்டரி நம்பரா?" என்றாள்.

பயம் போகவில்லை.  ஆனால் பதினோரு பக்கத்தைப் பார்த்து நடுங்குவதற்குப் பதிலாக, அன்றைய ஒரு துண்டைப் பார்த்து நடுங்கினாள். நடுக்கத்தோடு அதை முடித்தாள். முடித்த துண்டை ஸ்கேலுக்கு அடியில் வைத்தாள். நடுவில் காய்ச்சல் வந்து மூன்று விடியல்கள் போயின. காலியாக வைத்திருந்த ஆறு மணி நேரம் அதில் கரைந்தது. ஒரு மணி கூட மிஞ்சவில்லை, ஒரு மணி கூடக் குறையவும் இல்லை. திருப்புதலுக்கென்று வைத்த இரண்டு வாரமும் முழுசாகக் கையில் இருந்தது. அவள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தேர்வுக்கு முன்னால் திருப்புதல் செய்தாள்.

தேர்வு அறையில் வினாத்தாளைத் திருப்பியதும் அவள் கண்ணில் பட்டது அதுதான். மூலிகை. பத்து மதிப்பெண். வேறு கேள்வி தேர்ந்தெடுக்க வழியில்லை.

முன்பிருந்த மருந்தம்மாவாக இருந்தால் அங்கேயே பேனாவை வைத்திருப்பாள். இவள் அந்தக் கேள்விக்கு நேராக மெல்லிய கோடு ஒன்று போட்டாள். விட்டுப் போகிற நிறுத்தம். திட்டு வாங்கித்தான் வண்டி போகும். கண்ணில் நீர் திரையிட, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். சொட்டுக் கணக்கு, பிள்ளைக்கான அளவு, ஒரு கரைசல். மணி அடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

முடிவு வந்த நாளில் ரேடியோதான் போனைப் பார்த்தாள். மருந்தம்மா மாத்திரைத் தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, திரும்புங்க."

"முதல்ல சொல்லு. அப்புறம் திரும்பறேன்."

"நான் பாஸ். நல்ல மார்க்."

"சந்தோஷம்டி. நான்?"

ரேடியோ வாழ்க்கையில் முதல் முறையாகச் சற்று நேரம் பேசவில்லை. அந்த மௌனத்தில் மருந்தம்மாவின் கையிலிருந்து தட்டு நழுவியது. "பாஸ் மார்க்குக்கு மேல நாலு. தப்பிச்சிட்டீங்க. நான் படிக்காமலே இவ்வளவு வாங்கினேன், நீங்க அவ்வளவு கோலம் போட்டு நாலு மார்க்தானா?" என்று சொல்லிக்கொண்டே ரேடியோ அழுதாள். எதற்கு அழுதாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"எனக்கு நாலு போதும்" என்றாள் மருந்தம்மா. தட்டிலிருந்த மாத்திரைகள் தரையில் சிதறியிருந்தன. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, குப்பையில் போட்டாள். கீழே விழுந்ததை யாருக்கும் கொடுக்கக் கூடாது. தேர்வில் அந்தக் கேள்விகூட வந்திருந்தது.

பதிவுச் சான்று வந்த பிறகு, கலவைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற வேலை அவளுக்கும் வந்தது. சுண்ணாம்பு காய்ந்த சுவரில் யாரோ பழைய அட்டையை மறுபடி மாட்டியிருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு சாரிடம் போனாள்.

"சார், அந்த அட்டையை எடுத்துடலாமா? அஞ்சு சதவீதத்துக்கு மட்டும்னு அதுல எங்கயும் எழுதலை."

சார் நிமிர்ந்தார். "எனக்கு இத்தனை நாள் தோணலையே."

"எனக்கும்தான் சார். பயந்தப்பத்தான் தெரிஞ்சது."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அட்டையைக் கழற்றிக்கொண்டு இறங்கும்போது வாசலில் துடைக்கிற அம்மா வாளியோடு நின்றாள். மருந்தம்மா முதலில் கேனின் லேபிளைப் படித்தாள். பிறகு ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டாள். விடை வந்ததும் இன்னொரு முறை போட்டாள். அதற்குப் பிறகுதான் குடுவையைத் தூக்கினாள்.